நாலு அடி நடந்தால் பழைய ஷூவா?
தகராறில் சட்டம் யார் பக்கம்? கடைக்காரர் எதைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார்?

சென்னை நகரில் ஷூ கடை வாசல்களில் அடிக்கடி கேட்கும் சண்டை இது.

"இது போட்ட ஷூ. திருப்பி எடுக்க முடியாது" என்பார் கடைக்காரர்.

"போடவே இல்லையே! போட்டுப் பார்த்தேன், அவ்வளவுதான்" என்பார் வாங்கியவர்.

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. 'போடுவது' வேறு, 'போட்டுப் பார்ப்பது' வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு இருக்கிறது. அந்தக் கோடு எங்கே இருக்கிறது என்று தெரியாமல்தான் பலர் பணத்தை விடுகிறார்கள்.

அண்மையில் தியாகராயநகர் கடை ஒன்றில் நடந்த தகராறைப் பாருங்கள்.

செக்யூரிட்டி வேலை

சூளைமேட்டைச் சேர்ந்த ஒருவருக்கு அலுவலகம் ஒன்றில் செக்யூரிட்டி வேலை கிடைத்தது. திங்கட்கிழமை வேலையில் சேர வேண்டும். கறுப்பு ஷூ கட்டாயம் என்று சொல்லிவிட்டார்கள்.

சனிக்கிழமை காலை கடை திறந்ததும் போனார். வழக்கமாகப் போடும் 8-ம் நம்பரைக் கேட்டார். பெஞ்சில் உட்கார்ந்து வலது காலில் மட்டும் மாட்டிப் பார்த்தார். சரியாக இருந்தது. 1,650 ரூபாய் கொடுத்து வாங்கி வந்துவிட்டார்.

மாலையில் வீட்டில் மறுபடி போட்டுப் பார்க்க எடுத்தார். உள்ளே இருந்து அம்மாவின் குரல் வந்தது.

"வீட்டுக்குள்ள செருப்பா? வாசல்ல வச்சுப் போட்டுப் பாரு!"

புது ஷூவாக இருந்தால் என்ன? காலில் போடுவது வீட்டுக்குள் வரக் கூடாது. நம் வீடுகளில் இதுதானே வழக்கம்! அவரும் வாசல் படியில் உட்கார்ந்து மாட்டினார். சிமெண்டுத் தரையில் நின்றார். தெருமுனை டீக்கடை வரை போய் வந்தார். மொத்தம் இருநூறு, இருநூற்றைம்பது அடி இருக்கும்.

திரும்பி வரும்போது இடது கால் கட்டை விரல் முன்னால் இடித்தது. மாலை நேரமாதலால் கால் கொஞ்சம் வீங்கியும் இருந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பெட்டியோடு கடைக்குப் போனார்.

"அண்ணே, இது டைட்டா இருக்கு. ஒன்பது நம்பர் மாத்திக் குடுங்க."

கடைக்காரர் ஷூவைத் திருப்பிப் பார்த்தார். அரை நிமிடம்கூட ஆகவில்லை.

"தம்பி, ரோட்டுல போட்டு நடந்திருக்கீங்க."

"துடைச்சுத்தானே கொண்டு வந்தேன்!"

"அதனாலதான் இன்னும் நல்லாத் தெரியுது."

எப்படித் தெரிகிறது?

கடைக்காரருக்கு இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. அவர் பார்ப்பது நாலே இடம்.

முதலாவது, சோல். ரப்பர் சோலும் பிளாஸ்டிக் சோலும் அச்சில் வார்க்கப்படுபவை. அச்சிலிருந்து வந்த சோலில் ஒரு மெல்லிய பளபளப்பு இருக்கும். பூ டிசைனின் விளிம்புகளில் முடி போலச் சின்னச் சின்னப் பிசிறுகளும் இருக்கலாம். சிமெண்டிலோ தார் ரோட்டிலோ நடந்தால் போதும். பளபளப்பு மங்கிவிடும், பிசிறு போய்விடும். பிறகு எவ்வளவு துடைத்தாலும் அந்தப் பளபளப்பு திரும்பாது. பிரஷ் போட்டுத் தேய்த்தால் இன்னும் மங்கும். "துடைச்சதனாலதான் தெரியுது" என்று கடைக்காரர் சொன்னது இதைத்தான்.

இரண்டாவது, குதிகால். நடக்கும்போது பெரும்பாலோருக்கு முதலில் தரையைத் தொடுவது குதிகாலின் பின்பக்க வெளி ஓரம். முதல் தேய்மானம் அங்கேதான் விழும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் அந்த ஓரம் மட்டும் சாம்பல் பூத்தது போலத் தெரியும்.

மூன்றாவது, பள்ளங்கள். சோலின் பள்ளங்களுக்குள் பொடி மணலும் சின்னக் கல்லும் மாட்டிக் கொள்ளும். துணி அங்கே எட்டாது. ஊசி விட்டுத்தான் எடுக்க வேண்டும்.

நான்காவது, மடிப்பு. விரல்கள் வளையும் இடத்தில் மேல்தோலில் கோடு விழும். கடைக்குள் போட்டுப் பார்த்தாலும் லேசான கோடு விழத்தான் செய்யும். அதைக் கடைக்காரர் குற்றமாக எடுத்துக்கொள்ள மாட்டார். ஆழமாக, ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்த கோடுகள்தான் நடந்ததைக் காட்டும்.

நம்மவர் ஷூவில் மடிப்பு பெரிதாக இல்லை. ஆனால் சோலும் குதிகாலும் காட்டிக் கொடுத்துவிட்டன.

கடைக்காரரின் நியாயம்

"நான் எடுத்துக்கிட்டா, இதை யாருக்கு விக்கிறது?" என்று கேட்டார் கடைக்காரர்.

"புதுசுன்னு விக்க வேண்டியதுதானே? யாருக்குத் தெரியும்?" என்றார் வாங்கியவர்.

"உங்களுக்கு அப்படி வித்தா வாங்குவீங்களா?"

இந்தக் கேள்விக்கு அவரிடம் பதில் இல்லை. கடைக்காரர் கேட்டதில் சட்டமும் இருக்கிறது.

2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், பழைய பொருளையோ புதுப்பித்த பொருளையோ புதுசு என்று சொல்லி விற்பதை முறையற்ற வணிகம் என்கிறது. தெருவில் நடந்த ஷூவைத் துடைத்துப் பெட்டியில் போட்டு, அடுத்தவரிடம் "புதுசு" என்று விற்றால் கடைக்காரரே மாட்டிக் கொள்வார். வாங்குபவரைக் காப்பாற்ற வந்த சட்டம்தான் இங்கே கடைக்காரரின் கையையும் கட்டுகிறது.

அதனால் அந்த ஜோடியை அவர் 'செகண்ட்ஸ்' என்று விலை குறைத்துத்தான் விற்க முடியும். அந்த நஷ்டம் யார் தலையில்? தகராறு இதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

"கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போவேன்!" என்று கோபத்தில் சொல்லிவிட்டார் நம்மவர். போயிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

அந்தச் சட்டத்தில் இன்னொரு விதி இருக்கிறது. குறைபாடு உள்ள பொருளை விற்றுவிட்டு, அதைத் திரும்ப எடுக்க மறுப்பதும், பணத்தைத் தர மறுப்பதும் முறையற்ற வணிகம். பில்லில் எத்தனை நாள் என்று போட்டிருக்கிறதோ, அதற்குள் எடுத்துக்கொள்ள வேண்டும். பில்லில் ஒன்றும் இல்லை என்றால் 30 நாள்.

இதில் முக்கியமான சொல் 'குறைபாடு'. பொருளின் தரத்தில், அளவில், இருக்க வேண்டிய நிலையில் பழுது இருந்தால் அது குறைபாடு. ஆனால் 8-ம் நம்பர் கேட்டு வாங்கி, கடையும் 8-ம் நம்பரே கொடுத்து, அது உங்கள் காலுக்குப் பற்றவில்லை என்றால் ஷூவில் பழுது இல்லை. கணக்கு தப்பியது காலில்தான்.

பெட்டியில் 9 என்று போட்டு உள்ளே 8 இருந்தால் விஷயம் வேறு. அது கடையின் தப்பு. ஒரு காலுக்கு 8, இன்னொரு காலுக்கு 9 இருந்தாலும் அப்படித்தான்.

ஆக, அளவு சரியில்லை என்று மாற்றிக் கொடுப்பது கடை தானாகக் கொடுக்கும் சலுகை. அந்தச் சலுகைக்கு அவர்கள் போடும் நிபந்தனைதான் பில்லின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கிறது: 'உபயோகிக்காத நிலையில், பெட்டியோடு, பில்லோடு, 7 நாளைக்குள்.' பணம் கொடுக்கும் முன் அதைப் படிப்பவர்கள் எத்தனை பேர்?

ஆன்லைனில் வாங்கினாலும் அடிப்படை இதுதான். 2020-ம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, பழுதான பொருள், போலிப் பொருள், விளம்பரத்தில் சொன்னபடி இல்லாத பொருள் ஆகியவற்றைத் திரும்ப எடுக்க விற்பவர் மறுக்கக் கூடாது. 'எனக்குப் பற்றவில்லை' என்பது அந்த வரிசையில் இல்லை. அதை எடுத்துக்கொள்வது அந்தந்த விற்பனையாளர் சொல்லியிருக்கும் நிபந்தனையைப் பொறுத்தது.

வெளிநாட்டில் எப்படி?

ஐரோப்பிய நாடுகளில் இந்தக் கோட்டைச் சட்டத்திலேயே போட்டுவிட்டார்கள்.

அங்கே ஆன்லைனில் வாங்கிய பெரும்பாலான பொருள்களை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமலே திருப்பலாம். கடைக்குப் போய் நேரில் வாங்கியவருக்கு இந்த உரிமை இல்லை. ஏனென்றால், அவர் கடையிலேயே தொட்டுப் பார்த்துவிட்டார்.

எது உபயோகம்? 2011-ம் ஆண்டு விதியில் எளிமையான அளவுகோல் சொல்லியிருக்கிறார்கள். ஒரு கடைக்குள் உங்களை என்ன செய்ய விடுவார்களோ, அதை வீட்டில் செய்யலாம். துணி என்றால் போட்டுப் பார்க்கலாம். உடுத்திக்கொண்டு வெளியே போகக் கூடாது.

ஷூவுக்கு இதைப் பொருத்திப் பாருங்கள். கடைக்குள் இரண்டு காலிலும் மாட்டுவீர்கள். கயிறு கட்டுவீர்கள். கண்ணாடி வரை நடந்து வருவீர்கள். இத்தனையும் போட்டுப் பார்ப்பது. அந்த ஷூவோடு கடை வாசலைத் தாண்டி ரோட்டில் இறங்க விடுவார்களா? மாட்டார்கள். ரோட்டில் இறங்கினால் அது உபயோகம்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. அங்கே ஒருவர் ஷூவை ரோட்டில் போட்டு நடந்துவிட்டாலும் 14 நாளுக்குள் திருப்பும் உரிமை போய்விடாது. பொருளின் மதிப்பு எவ்வளவு குறைந்ததோ, அந்தத் தொகையைப் பிடித்துக்கொள்ளலாம். 'எடுப்பாயா, மாட்டாயா' என்ற சண்டை அங்கே 'எவ்வளவு பிடிப்பாய்' என்று மாறிவிடுகிறது.

நம் ஊரில் அப்படிச் சட்டம் இல்லை. ஆனால், தியாகராயநகர் தகராறு கடைசியில் போய் நின்றது அந்த இடத்தில்தான்!

எப்படி முடிந்தது?

முதலில் கடைக்காரர் ஒரு வழி சொன்னார்.

"கட்டை போட்டு விரிச்சுத் தர்றேன். ஒரு ராத்திரி இருக்கட்டும்."

ஷூவுக்குள் மரக்கட்டையைத் திணித்து, திருகி விரிக்கும் முறை இது. பழைய ஷூ கடைகளிலும் சில செருப்புத் தொழிலாளர்களிடமும் இந்தக் கட்டை இருக்கும். பக்கவாட்டில் பிடிக்கும் ஷூவுக்கு, அதுவும் அசல் தோலாக இருந்தால், இது நன்றாகவே உதவும். ஆனால் நீளம் போதாத ஷூவை இப்படி நீட்ட முடியாது. ரெக்சின் ஷூ விரியாது. விரித்தாலும் பழையபடி சுருங்கும்.

நம்மவருக்கு இடித்தது கட்டை விரல் நுனி. அதாவது நீளம் போதவில்லை. நம் ஊர் ஷூக்களில் பெரும்பாலும் போடுவது இங்கிலாந்து நம்பர். அதில் ஒரு நம்பருக்கும் அடுத்த நம்பருக்கும் வித்தியாசம் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு, சுமார் எட்டரை மில்லி மீட்டர். அதைக் கட்டை போட்டுக் கொண்டுவர முடியாது என்று கடைக்காரருக்கே தெரியும்.

பேச்சு நீண்டது. பக்கத்தில் நின்ற இன்னொரு வாடிக்கையாளரும் சேர்ந்துகொண்டார். "பாவம், நாளைக்கு வேலையில சேரணுங்கிறார், பார்த்துச் செய்யுங்க" என்றார்.

கடைசியில் கடைக்காரர் அந்த ஜோடியை 1,150 ரூபாய்க்குத் திரும்ப எடுத்துக்கொண்டார். நம்மவர் மேலே 500 ரூபாய் கொடுத்து 9-ம் நம்பர் வாங்கினார். இந்தத் தடவை இரண்டு காலிலும் மாட்டி, கடைக்குள் இரண்டு சுற்று நடந்துவிட்டுத்தான் பணம் கொடுத்தார்.

டீக்கடை வரை போய் வந்ததற்கு 500 ரூபாய்! அவருக்கு வருத்தம்தான். ஆனால் கோர்ட்டுக்குப் போயிருந்தால், ஷூவில் பழுது இல்லாத வழக்கில் அதுகூடக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம்.

இதற்கு 'போட்ட ஷூ' செல்லாது!

இதைப் படித்துவிட்டு, 'ஒரு தடவை போட்டுவிட்டால் ஒன்றும் கேட்க முடியாது போலிருக்கிறது' என்று நினைத்துவிடாதீர்கள். அது தப்பு.

சில பழுதுகள் போட்டு நடந்தால்தான் தெரியும். நாலு நாளில் சோல் வாயைப் பிளக்கிறது. தையல் விடுகிறது. அங்கே 'நீங்க போட்டுட்டீங்க, எடுக்க முடியாது' என்று கடைக்காரர் சொன்னால் அது செல்லாது. ஷூவை வாங்குவதே போடுவதற்குத்தான். கடையில் 'விற்ற பொருள் திரும்ப எடுக்கப்பட மாட்டாது' என்று போர்டு தொங்கினாலும் பழுதுக்கு அந்தப் போர்டு மறைப்பு ஆகாது.

நம் ஊர்ப் புழுக்கத்தில் அடிக்கடி வரும் பழுது ஒன்று உண்டு. எடை குறைவாக, மெத்தென்று இருக்கும் பி.யூ. சோல் ஷூக்கள் கிடங்கில் நெடுநாள் கிடந்தால் காற்றில் உள்ள ஈரமே அந்தச் சோலை உள்ளுக்குள் அரித்துவிடும். பார்க்கப் புதுசு போல இருக்கும். போட்டு இரண்டு நாள் நடந்தால், நமத்துப்போன பிஸ்கட் மாதிரி உதிரும்.

'நீங்க கண்ட இடத்துல நடந்து தேய்ச்சுட்டீங்க' என்று கடைக்காரர் சொன்னால் எப்படி மறுப்பது?

சோலின் நடுப்பகுதியைக் காட்டுங்கள். குதிகாலுக்கும் முன்பாதத்துக்கும் இடையே உள்ள குழிவான பகுதி தரையில் படாது. நடந்து தேய்ந்தது என்றால் குதிகாலும் முன்பாதமும்தான் தேயும். தரையே தொடாத நடுப்பகுதியும் விரிசல் விட்டிருந்தால், நகத்தால் அழுத்தும்போது உதிர்ந்தால், அது நடந்ததால் வந்ததல்ல. சரக்கே பழுது.

பெட்டியில் தயாரித்த மாதமும் வருடமும் இருக்கும். வாங்கும்போதே அதைப் பார்த்துவிடுங்கள். பல வருடத்துச் சரக்கு என்றால் வேறு ஜோடி கேளுங்கள். பெட்டியைக் கொஞ்ச நாள் தூக்கிப் போடாமலும் வைத்திருங்கள்.

பழுதான ஷூவை எடுக்கவே மாட்டேன் என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் செய்து புகார் கொடுக்கலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம். 5 லட்சம் ரூபாய் வரை விலையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. வக்கீல் வைத்தாக வேண்டும் என்றும் இல்லை. நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம். இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ஆனால் பில் வேண்டும். பில் இல்லாமல் வாங்கியவருக்கு எங்கே வாங்கினோம் என்று நிரூபிக்கவே பாதி நாள் போய்விடும்.

எப்படிப் போட்டுப் பார்ப்பது?

இந்தத் தொழிலில் நெடுநாள் இருப்பவர்கள் சொல்லும் வழி இதுதான்.

ஷூ வாங்க மாலையில் போங்கள். பகலெல்லாம் நின்று நடந்த கால், காலையில் இருப்பதைவிடக் கொஞ்சம் பருத்திருக்கும். காலையில் கச்சிதமாக இருக்கும் ஷூ மாலையில் பிடிக்கும்.

எந்த சாக்ஸ் போடப் போகிறீர்களோ, அதைப் போட்டுக்கொண்டு பாருங்கள். இரண்டு காலிலும் மாட்டுங்கள். இரண்டு கால்களும் ஒரே அளவு இருப்பது அபூர்வம். பெரிய காலுக்குத்தான் நம்பர் எடுக்க வேண்டும்.

எழுந்து நில்லுங்கள். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு விரற்கடை, சுமார் ஒரு சென்டி மீட்டர் இடம் இருக்க வேண்டும். சிலருக்கு நீளமான விரல் கட்டை விரல் அல்ல, அடுத்த விரல். அதையும் கவனியுங்கள்.

வீட்டுக்கு வந்தும் பார்க்க வேண்டுமா? தாராளமாகப் பாருங்கள். ஆனால் வாசலில் இறங்காதீர்கள். மொட்டை மாடியும் வேண்டாம், அதுவும் சிமெண்டுதான். கூடத்தில் பழைய போர்வையையோ, பிரித்த அட்டைப் பெட்டியையோ விரித்து அதன்மேல் நில்லுங்கள். மண்ணையே தொடாத ஷூ துணிமேல் நிற்கிறது என்றால் பெரியவர்கள் அவ்வளவாகக் கோபிக்க மாட்டார்கள். வெள்ளை சோலுக்குச் செய்தித்தாள் மட்டும் வேண்டாம். மை ஒட்டிக்கொண்டால் அதுவும் கறைதான்.

பத்து நிமிடம் அப்படியே நில்லுங்கள். நாலு தடவை குந்தி எழுந்திருங்கள். விரல் இடித்தால், குதிகால் கழன்றால், அதற்குள் தெரிந்துவிடும்.

சரியாக இருக்கிறது என்று உறுதியாகும் வரை டேக்கை அறுக்காதீர்கள். பெட்டிமேல் பேனாவால் எழுதாதீர்கள், டேப் ஒட்டாதீர்கள். ஆன்லைனில் வாங்கியதைத் திருப்பி அனுப்புவதாக இருந்தால், பார்சல் எடுக்க ஆள் வருமுன் சோல் இரண்டையும் வெளிச்சத்தில் வைத்து ஒரு போட்டோ எடுத்துவிடுங்கள். பிறகு 'தேய்ந்திருக்கிறது' என்று தகவல் வந்தால் உங்கள் கையில் சாட்சி இருக்கும்.

ஷூ சரியாக இருக்கிறதா என்று தெரிய ரோட்டில் இறங்கத் தேவையே இல்லை. ரோட்டில் இறங்குவது, 'இது இனி என்னுடையது' என்று முடிவு செய்த பிறகு!